எந்நேரமும் இயங்கும் விளையாட்டுச் சர்வராக ராஸ்பெரி பை 4: அது எங்கே திணறுகிறது?

தனிமரம் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து விளையாடுவதற்காக, 4 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெரி பை 4 பலகையில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை நிறுவியிருக்கிறேன். சர்வர் மென்பொருள் பேப்பர். உலகம் எஸ்டி அட்டையில் இருக்கிறது. ஜாவாவுக்கு 2 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். யார் எப்போது வந்தாலும் உலகம் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மேசைக்கணினியை இரவு பகலாக ஓடவிடுவதற்கு மனமில்லாததால்தான் இந்தச் சிறு பலகையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆறு பேரும் ஊருக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டும் சுரங்கம் தோண்டிக்கொண்டும் இருக்கும்வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. ஒருவர் எலிட்ரா இறக்கையை மாட்டிக்கொண்டு புதிய திசையில் பறக்கத் தொடங்கினால், அவருக்கு முன்னால் நிலமே இல்லாமல் வெற்றிடம் தெரிகிறது. சில நொடிகளில் மற்ற ஐவரும் உடைத்த பிளாக் மீண்டும் முளைக்கிறது என்று முறையிடுகிறார்கள். பதிவுக் கோப்பில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது:

```
Can't keep up! Is the server overloaded? Running 5120ms or 102 ticks behind
```

இந்தப் பலகை எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும், 8 ஜிபி பலகைக்கு மாறினால் இது தீருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நினைவலை

இது நினைவகப் பற்றாக்குறைதான். புதிய நிலம் உருவாகும்போது அத்தனையும் நினைவகத்தில்தான் வந்து அமர வேண்டும். நீங்கள் பாதி நினைவகத்தைச் சும்மா விட்டுவைத்திருக்கிறீர்கள். `-Xmx3500M` என்று மாற்றிவிட்டுச் சர்வரை மீண்டும் தொடங்குங்கள். 8 ஜிபி பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் தாராளமாக 6 ஜிபி கொடுக்கலாம். நினைவகம் போதாதபோது ஜாவா அடிக்கடி நின்று, இனித் தேவைப்படாத தரவுக் குப்பையை அகற்றும். அந்த நிறுத்தத்தைத்தான் உங்கள் நண்பர்கள் திணறலாக உணர்கிறார்கள்.

மணற்கடிகாரம்

நினைவலை சொல்வதில் ஒரு பகுதி சரி: ஜாவா தன் தரவை வைத்துக்கொள்ளும் ஹீப் என்ற நினைவகப் பகுதி நிரம்பும் நிலைக்கு வந்தால் குப்பை அகற்றும் வேலை பெருகி, சர்வர் விட்டுவிட்டு நிற்கும். ஆனால் 4 ஜிபி பலகையில் 3500 எம்பி கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். `-Xmx` என்பது ஹீப்புக்கு மட்டுமான வரம்பு. ஜாவா அதற்கு வெளியேயும் சில நூறு எம்பி எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு இயங்குதளத்துக்கு மூச்சுவிட இடம் இருக்காது. ஒன்று, நினைவகத்தில் இடமில்லாததை எஸ்டி அட்டைக்கு ஸ்வாப் செய்யத் தொடங்கி மொத்தமும் ஆமை வேகத்துக்கு வரும். அல்லது ஒரு நள்ளிரவில் கெர்னலே ஜாவாவைக் கொன்றுவிடும். அப்படி நடந்திருந்தால் `dmesg` வெளியீட்டில் `Out of memory: Killed process` என்ற வரி இருக்கும். 4 ஜிபி பலகைக்கு 2 முதல் 2.5 ஜிபி வரை கொடுப்பதே பொருத்தம். எஞ்சியதை லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், அது வீண் போவதில்லை.

தனிமரம், உங்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும். இந்தப் பலகையை வீழ்த்துவது ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஒரே இடத்தில் நிற்கும் ஆறு பேரை அது எளிதாகத் தாங்கும். ஆறு திசைகளில் பறக்கும் ஆறு பேரைத் தாங்காது. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மைன்கிராஃப்ட் உலகம் 16க்கு 16 பிளாக் பரப்புள்ள சங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. `view-distance` 10 என்றால், ஒரு வீரரைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் பத்து, நடுவில் ஒன்று. ஆக 21க்கு 21, மொத்தம் 441 சங்க்குகள் ஏற்றப்பட்டிருக்கும். அவர் ஒரு திசையில் 16 பிளாக் நகர்ந்தால், முன்பக்கத்தில் 21 சங்க்குகள் கொண்ட ஒரு புதிய வரிசை தேவைப்படும். ஓடும் வீரர் நொடிக்கு ஏறத்தாழ 5.6 பிளாக் நகர்கிறார். அவருக்கு நொடிக்கு ஏழு புதிய சங்க்குகள் போதும். வாணம் வெடித்து எலிட்ராவில் பறப்பவர் நொடிக்கு 30 பிளாக் அளவில் செல்கிறார். அவருக்கு நொடிக்கு 40 சங்க்குகள் வேண்டும். இருவர் எதிரெதிர்த் திசைகளில் பறந்தால் 80.

ஏற்கெனவே உருவான சங்க்கை வட்டிலிருந்து படித்துக் கொடுப்பது ஒப்பீட்டளவில் மலிவான வேலை. இல்லாத சங்க்கை உருவாக்குவது அப்படியன்று: மலையின் உயரம், குகைகள், உயிரினச் சூழல், தாதுக்கள், மரங்கள், கட்டடங்கள் என்று படிப்படியாகக் கணக்கிட வேண்டும். 1.18 பதிப்பில் உலகின் உயரம் 256 பிளாக்கிலிருந்து 384 ஆக உயர்ந்ததும், குகைகள் விரிவடைந்ததும் இந்த வேலையை மேலும் கனமாக்கின. 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நான்கு கார்டெக்ஸ் ஏ72 செயலிக் கருக்களால் நொடிக்கு 40 புதிய சங்க்குகளைத் தர முடியாது. அதன் கால்பங்கை எட்டினாலே நல்ல செய்தி என்று கொள்வேன். 8 ஜிபி நினைவகம் இந்தக் கணக்கில் எந்த மாற்றத்தையும் செய்யாது, ஏனெனில் அந்தப் பலகையிலும் இதே செயலிதான் இருக்கிறது.

இது என் ஊகமாகவே நின்றுவிட வேண்டாம். ஒருவர் பறந்துகொண்டிருக்கும்போது சர்வர் முனையத்தில் `mspt` என்று கொடுத்துப் பாருங்கள்; உலகம் ஒரு டிக் நகர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பதை அது காட்டும். அதே வேளையில் வேறொரு முனையத்தில் இந்த இரண்டையும் இயக்கி, கிடைப்பதை இங்கே இடுங்கள்:

```
top -H
vcgencmd get_throttled
```

வெண்குதிரை

நல்ல நேரத்தில் இந்த இழை தொடங்கியிருக்கிறது. என்னிடமும் இதே பலகைதான், 8 ஜிபி நினைவகத்துடன். வால்ஹெய்ம் சர்வரையும் மைன்கிராஃப்ட் பெட்ராக் சர்வரையும் அதிலேயே நிறுவ முயன்றேன். கோப்புகள் முறையாக இறங்கின. ஆனால் இயக்கினால் `Exec format error` என்று மட்டும் வருகிறது. நினைவகம் போதுமான அளவு காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வது போல் `view-distance` அளவைக் குறைத்தால் இது சரியாகிவிடுமா?

கருவேலம்

வெண்குதிரை, உங்களுடையது முற்றிலும் வேறு சிக்கல்; அமைப்புக் கோப்பில் எதைக் குறைத்தாலும் தீராது. ராஸ்பெரி பையின் செயலி ஆர்ம் வகையைச் சேர்ந்தது. வால்ஹெய்ம் சர்வரும் பெட்ராக் சர்வரும் எக்ஸ்86 செயலிகளுக்காகத் தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகளாக மட்டுமே கிடைக்கின்றன. அந்த ஆணைகள் உங்கள் செயலிக்குப் புரியாது என்பதைத்தான் கெர்னல் அந்த ஒரே வரியில் சொல்கிறது. கோப்பு எந்த வகை என்பதை நிறுவும் முன்பே `file` கட்டளையால் பார்த்துக்கொள்ளலாம். `x86-64` என்று வந்தால் நேரடியாக ஓடாது, `aarch64` என்று வந்தால் ஓடும்.

ஜாவா சர்வர் ஓடுவதன் காரணம், அது எந்தச் செயலிக்கும் கட்டுப்படாத ஜாவா பைட்கோடாக வருவதுதான். ஆர்முக்கான ஜாவா இருந்தால் போதும். பெட்ராக்கில் விளையாடும் நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதுதான் உங்கள் தேவை என்றால், பேப்பர் சர்வரில் கீசர் என்ற பிளகினை இட்டுப் பாருங்கள். அது பெட்ராக் வீரர்களின் தொடர்பை ஜாவா சர்வருக்குப் புரியும்படி மாற்றித் தரும்; அதுவும் ஜாவாவில் எழுதப்பட்டது என்பதால் இந்தப் பலகையில் தடையின்றி இயங்கும்.

நான் இதே போன்ற பலகையில் லுவாண்டி சர்வரை நடத்துகிறேன். மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024இல் பெயர் மாறிய அதே மென்பொருள்தான். டெபியன் களஞ்சியத்திலேயே ஆர்மில் தொகுத்த வடிவில் கிடைத்தது. நினைவகத்தில் மிகச் சிறிய பங்கையே எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்டிடிடி, ஐஓக்வேக்3 போன்ற பழைய, திறந்த மூல விளையாட்டுகளின் சர்வர்களுக்கும் இந்தப் பலகை தாராளம்.

வெண்குதிரை

பாக்ஸ்64 என்ற எமுலேட்டர் எக்ஸ்86 கோப்புகளை ஆர்மில் ஓட்டித் தரும் என்று படித்தேனே? அதன் வழியாக வால்ஹெய்ம் ஓடாதா?

கருவேலம்

ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மொழிபெயர்த்து ஓட்டுவதற்கே செயலியின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும். ஏற்கெனவே அளவாக இருக்கும் ஆற்றலில் அது பெரிய செலவு. விளையாட்டு ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் மீண்டும் ஓடுமா என்று காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பது என் பெரிய தயக்கம். நண்பர்கள் நம்பி வரும் ஒரு சர்வருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதித்துப் பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், நானும் கலந்துகொள்கிறேன்.

தனிமரம்

மணற்கடிகாரம் கேட்டவற்றை எடுத்துவிட்டேன். ஆறு பேரும் ஊருக்குள் இருக்கும்போது `mspt` சராசரி 22 முதல் 28 வரை இருக்கிறது. ஒருவர் பறக்கத் தொடங்கியதும் சராசரி 40ஐ ஒட்டி ஏறுகிறது, உச்சம் அவ்வப்போது சில நூறைத் தொடுகிறது. எனக்கு வியப்பளித்தது என்னவென்றால், சராசரி 40க்குக் கீழே இருக்கும் தருணங்களிலும் பறப்பவருக்கு முன்னால் வெற்றிடமே தெரிகிறது. `top -H` பட்டியலில் `Server thread` பாதிக்குச் சற்று மேல் நிற்க, சங்க்குகளை உருவாக்கும் செயல் இழை ஒன்று 100 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இன்னொன்று, `get_throttled` இப்படிச் சொல்கிறது:

```
throttled=0x50000
```

பலகைக்கு மின்சாரம் ஒரு பழைய கைப்பேசி மின்னேற்றியிலிருந்து வருகிறது.

மணற்கடிகாரம்

இந்த எண்கள் இரண்டு தனித்தனிக் கதைகளைச் சொல்கின்றன. முதலில் எளிதானதை முடித்துவிடுவோம்.

`0x50000` என்றால், பலகை இயங்கத் தொடங்கியதற்குப் பிறகு எப்போதோ மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது, அதனால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே எண் `0x50005` என்று முடிந்திருந்தால், அந்தக் கணத்திலும் அது நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். வேலை கூடும் நேரத்தில்தான் பலகை அதிக மின்சாரம் கேட்கும். அப்போதுதான் மின்னேற்றி தளர்கிறது. ஆக உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் செயலி மெதுவாகிறது. பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். பெரும்பாலான கைப்பேசி மின்னேற்றிகளின் வடம் மெல்லியதாக இருப்பதால், எழுதியிருக்கும் ஆம்பியர் சரியாக இருந்தாலும் வடத்திலேயே அழுத்தம் இறங்கிவிடும். சூட்டாலும் இதே விளைவு வரும்: 80 டிகிரியைத் தொட்டால் செயலி வேகத்தைக் குறைக்கும். மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் `vcgencmd measure_temp` கொடுத்து அதையும் பாருங்கள். இவை சரியாகும்வரை வேறு எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

இரண்டாவது கதைதான் முக்கியமானது. மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 டிக் வேகத்தில் நடக்கிறது. ஒரு டிக்குக்குக் கிடைக்கும் நேரம் 50 மில்லிநொடி. `mspt` சராசரி 50க்குக் கீழ் இருக்கும்வரை உலகம் நேரத்துக்கு நகர்கிறது என்று பொருள். உங்களுக்கு அது 40. ஆனாலும் நிலம் வரவில்லை. பேப்பர், சங்க்குகளை உருவாக்கும் வேலையை முதன்மை இழையிலிருந்து பிரித்துத் தனி இழைகளிடம் கொடுத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே உலகத்தின் கடிகாரம் சரியாக ஓடும்போதே, நிலம் வரிசையில் காத்திருக்கும். நிலம் வராமல் `mspt` தாழ்ந்திருந்தால் குற்றவாளி உலக உருவாக்கம். நிலம் முழுமையாக இருந்தும் `mspt` 50ஐத் தாண்டினால் குற்றவாளி உயிரினங்கள், ஹாப்பர்கள், ரெட்ஸ்டோன் போன்றவை. உச்சத்தில் நீங்கள் கண்ட சில நூறு மில்லிநொடித் தாவல்களுக்குக் குப்பை அகற்றும் நிறுத்தமோ எஸ்டி அட்டையோ காரணமாக இருக்கலாம். எது என்று இப்போதே என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நினைவலை

அப்படியானால் `paper-global.yml` கோப்பில் `worker-threads` எண்ணை 4 ஆக்கிவிட்டால் நான்கு கருக்களும் நிலத்தை உருவாக்குமே? இருக்கும் கருக்களைச் சும்மா வைத்திருப்பது ஏன்?

மணற்கடிகாரம்

உருவாக்கம் ஓரளவு விரைவாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு கருக்களையும் நிலத்துக்குக் கொடுத்துவிட்டால், முதன்மை இழையும் குப்பை அகற்றும் இழைகளும் வலைத்தொடர்பும் எங்கே ஓடும்? ஒருவருக்கு வெற்றிடம் தெரிவதைக் குறைப்பதற்காக ஆறு பேருக்கும் பிளாக் மீண்டும் முளைக்கும். 2 வரை முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் போவதை, யாரும் விளையாடாத நேரத்தில் முன்கூட்டியே நிலத்தை உருவாக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

உண்மையான தீர்வும் அந்த முன்கூட்டிய உருவாக்கம்தான். இந்தப் பலகை விளையாட்டு நேரத்தில் செய்ய முடியாத வேலையை, ஆளில்லாத நேரத்தில் பொறுமையாகச் செய்து முடிக்க வைக்கலாம். எந்நேரமும் ஓடும் கருவிக்கு இதுவே பொருத்தமான வேலைப்பங்கீடு. முதலில் உலகத்துக்கு எல்லை இடுங்கள். பிறகு சங்க்கி என்ற பிளகினை நிறுவி முனையத்தில் இவற்றைக் கொடுங்கள்:

```
worldborder center 0 0
worldborder set 3000
chunky world world
chunky center 0 0
chunky radius 1620
chunky start
```

எல்லையின் அகலம் 3000 என்றால் நடுவிலிருந்து 1500தான். ஆனால் உருவாக்கும் ஆரத்தை 1620 என்று கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். எல்லைச் சுவரின் அருகே நிற்பவருக்குச் சுவருக்கு அப்பால் உள்ள நிலமும் தெரியும். அதையும் சர்வர் உருவாக்கியாக வேண்டும். `view-distance` 7 என்றால் அது 112 பிளாக். அந்த விளிம்பை விட்டுவிட்டவர்கள், எல்லாவற்றையும் உருவாக்கிய பிறகும் ஓரத்தில் மட்டும் திணறுகிறது என்று குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3240 பிளாக் அகலம் என்பது ஒரு பக்கத்துக்கு 203 சங்க்குகள். மொத்தம் ஏறத்தாழ 41,000. உங்கள் பலகை நொடிக்கு ஐந்து சங்க்குகள் என்ற வேகத்தில் உருவாக்கினால் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகம் பாதியாக இருந்தாலும் ஓர் இரவு தாராளம். யாராவது வந்துவிட்டால் `chunky pause`, அவர் போனதும் `chunky continue`. நெதருக்குத் தனியாக `chunky world world_nether` கொடுத்துச் சிறிய ஆரத்தில் செய்யுங்கள்.

`server.properties` கோப்பில் `view-distance` 7, `simulation-distance` 5 என்று வையுங்கள். முன்னது எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னது எவ்வளவு தூரத்துக்குப் பயிர் வளர்கிறது, விலங்கு நடக்கிறது என்பதை. இரண்டையும் ஒரே எண்ணாக வைக்க வேண்டிய தேவை இல்லை.

நீள்வட்டம்

இவ்வளவு பாடுபடுவதைவிட, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய சிறிய எக்ஸ்86 கணினி ஒன்றை வாங்கிவிடலாமே என்பதுதான் என் கருத்து. அதன் ஒரு கருவே பை 4இன் ஒரு கருவைவிடக் கணிசமாக வேகமாக இருக்கும், நினைவகத்தைக் கூட்டலாம், எஸ்எஸ்டி உள்ளேயே இருக்கும், வெண்குதிரை கேட்ட வால்ஹெய்மும் எந்த எமுலேட்டரும் இல்லாமல் ஓடும். பலகையோடு மின்வழங்கி, எஸ்எஸ்டி, அதற்கான இணைப்பி, குளிர்விப்பான் என்று சேர்த்துப் பார்த்தால் அது மலிவு என்ற வாதமும் தேய்ந்துவிடுகிறது.

கருவேலம்

மின்சாரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட் அளவிலும், முழு வேலையில் 6 அல்லது 7 வாட் அளவிலும் எடுக்கிறது. சராசரியாக 5 வாட் என்று வைத்தால், ஆண்டு முழுதும் ஓடினாலும் 44 யூனிட்டுக்கு மேல் வராது. நீங்கள் சொல்லும் கணினி சராசரியாக 15 வாட் எடுத்தால் அது 131 யூனிட். யாரும் இல்லாத நேரம்தான் பெரும்பகுதி என்பதால், சும்மா இருக்கும்போது எடுக்கும் அளவே இங்கு முக்கியம். விசிறியின் ஓசை இல்லை என்பதும், ஒரு சிறிய யூபிஎஸ் கூட இதை நெடுநேரம் தாங்கும் என்பதும் எனக்குப் பெரிய காரணங்கள்.

நீள்வட்டம்

அந்த வேறுபாடு ஆண்டுக்கு 87 யூனிட். அது பெரிதா சிறிதா என்பது அவரவர் மின்கட்டணத்தைப் பொறுத்தது. எனக்கு அது, ஆறு பேரின் மாலைநேரம் கெடாமல் இருப்பதற்குக் கொடுக்கக்கூடிய விலையாகவே தோன்றுகிறது. ஓசையைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன்.

மணற்கடிகாரம்

நீள்வட்டம் சொல்வதில் ஒரு கரு வேகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். கருக்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம். உலகத்தின் டிக் ஒரே இழையில்தான் நடக்கிறது என்பதால், நான்கு கருக்களில் மூன்று சும்மா இருக்கும்போதே சர்வர் திணற முடியும். `top` காட்டும் மொத்தப் பயன்பாடு 30 விழுக்காடுதான், பிறகு ஏன் திணறுகிறது என்று கேட்பவர்கள் `-H` சேர்த்துப் பார்த்தால் விடை தெரியும்.

தனிமரம்

மின்வழங்கியை மாற்றினேன்; உலகத்தை யூஎஸ்பி 3 துளையில் இணைத்த எஸ்எஸ்டிக்கு நகர்த்தினேன்; மணற்கடிகாரம் கொடுத்த எண்களை அப்படியே வைத்து இரவில் உருவாக்கத்தை ஓடவிட்டேன். இப்போது `get_throttled` தொடர்ந்து `0x0` காட்டுகிறது. எல்லைக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் பறந்து பார்த்தார்கள். நிலம் சற்றுத் தாமதமாக வந்தாலும் வெற்றிடம் தெரியவில்லை. ஊரில் இருந்தவர்களுக்கு எதுவும் உறைக்கவில்லை.

இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு மணி நேரமும் ஒருமுறை எல்லோருக்கும் சில நொடிகள் உறைந்துபோகிறது. இன்னொன்று, நண்பர் ஒருவர் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமவாசிகளை அடைத்து ஒரு வணிகக்கூடம் கட்டி, அதன் கீழே ஹாப்பர்களால் பெரிய பொருள் பிரிப்பகம் ஒன்றும் அமைத்திருக்கிறார். நாலைந்து பேர் அங்கே கூடினால் `mspt` 60ஐத் தாண்டிவிடுகிறது. நிலம் முழுமையாகத்தான் இருக்கிறது.

மணற்கடிகாரம்

மணிக்கொருமுறை என்றால் நேரக்கட்டளை ஏதோ ஓடுகிறது. `crontab -l` கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காப்பு எடுக்கும் கட்டளையாக இருக்கும். அது உலகத்தைச் சுருக்கிக் கட்டும்போது ஒரு கருவையும் வட்டையும் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். `nice` மற்றும் `ionice` வழியாக அதற்கு முன்னுரிமையைக் குறைத்து, விடியற்காலைக்கு மாற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. பாதி எழுதப்பட்ட கோப்பு காப்பில் சேர்ந்துவிடும். `save-off`, அடுத்து `save-all flush`, நகலெடுத்து முடித்ததும் `save-on` என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். கடைசிக் கட்டளை விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். விடுபட்டால் அதன் பிறகு நடப்பது எதுவும் தானாக வட்டில் எழுதப்படாது, மின்தடை வந்தால் அவ்வளவும் போய்விடும்.

கிராமவாசிகளைப் பொறுத்தவரை, நீங்கள் இப்போது பலகையின் உண்மையான எல்லையைத் தொட்டிருக்கிறீர்கள். நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வைக்கலாம். வழி தேடும் கிராமவாசியையும், ஒவ்வொரு கணமும் பெட்டியைத் துழாவும் ஹாப்பரையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடியாது. அவை அந்தந்த டிக்கில், அந்த ஒரே இழையில் நடந்தாக வேண்டும். 50 மில்லிநொடியில் முடியாத வேலையை எந்த அமைப்பும் முடித்துத் தராது. வேலையைக் குறைப்பது ஒன்றே வழி. டிக் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் ஸ்பார்க் கருவியில் `spark profiler start` கொடுத்து, சற்று நேரம் ஓடவிட்டு `spark profiler stop` கொடுத்து, நேரத்தில் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். கிராமவாசிகள் நடக்க முடியாதபடி ஒரு பிளாக் இடத்தில் நிற்கவைத்தால் வழி தேடும் செலவு இறங்கும். ஹாப்பர் வரிசைகளைத் தண்ணீர் ஓடைகளாக மாற்றலாம். கிராமவாசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க நண்பர் ஒப்புக்கொண்டால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

நினைவலை

பை 5 வாங்கினால்? அதன் செயலி இரண்டு முதல் மூன்று மடங்கு வேகம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கார்டெக்ஸ் ஏ76, 2.4 ஜிகாஹெர்ட்ஸ்.

மணற்கடிகாரம்

இந்த முறை உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்; அந்த வேகம் ஒவ்வொரு கருவுக்கும் கிடைப்பது என்பதால் 60 மில்லிநொடி 30க்கு அருகில் வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் மின்வழங்கியும் நல்ல குளிர்விப்பானும் வேண்டும். அவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நீள்வட்டத்தின் வாதம் மீண்டும் உயிர் பெறுகிறது. எது மேல் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பனித்துளி

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் இதையே நிறுவ முயல்கிறேன். ஆனால் நான் எடுத்த பதிப்பு ஜாவா 21 கேட்கிறது, நான் இறக்கிய 64 பிட் ஜாவா ஓட மறுக்கிறது. `uname -m` கொடுத்தால் `aarch64` என்றுதான் வருகிறது.

கருவேலம்

`getconf LONG_BIT` கொடுத்துப் பாருங்கள். 32 என்று வந்தால், கெர்னல் மட்டும் 64 பிட், மேலே உள்ள நிரல்கள் எல்லாம் 32 பிட் என்று பொருள். 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் இந்தப் பலகையில் அப்படித்தான் இயங்கும், `uname` அதைக் காட்டிக்கொடுக்காது. 64 பிட் பதிப்பைப் புதிதாக எழுதி நிறுவுவதே சுருக்கமான வழி.

தனிமரம்

மணிக்கொருமுறை உறைந்ததற்குக் காரணம் காப்புக் கட்டளைதான்; விடியற்காலைக்கு மாற்றியதும் அது நின்றுவிட்டது. `spark` அறிக்கையில் கிராமவாசிகளைவிட ஹாப்பர்களுக்கே கூடுதல் நேரம் போயிருக்கிறது. பிரிப்பகத்தைத் தண்ணீர் ஓடைக்கு மாற்ற நண்பர் இசைந்திருக்கிறார். கிராமவாசி எவரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். மாற்றி முடித்ததும் `mspt` எண்ணை இங்கே இடுகிறேன். அது 50க்குக் கீழ் இறங்காவிட்டால் பை 5ஆ பழைய கணினியா என்ற கேள்வியோடு வருவேன்.